ஒரு டாப்ஸ், 12 நிறம், 5 அளவு: குழப்பாத ரீல் எடுக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கடை மதுரை விளக்குத்தூண் பக்கம். சுங்குடி டாப்ஸ் ஒரே தையலில் 12 நிறம், 5 அளவு வைத்திருக்கிறோம். அத்தனையும் ஒரே ரீலில் காட்ட முடியுமா?

முடியும். ஆனால் 12 நிறத்தை 5 அளவால் பெருக்கி 60 உருப்படியாக நினைத்துக்கொண்டு கேமராவை எடுக்காதீர்கள். பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: என்னென்ன நிறம் இருக்கிறது, தனக்கு எந்த அளவு பொருந்தும். நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடலாம். அளவை அப்படிச் செய்ய முடியாது. அதற்கு இஞ்ச் கணக்கு வேண்டும். ஆகவே ரீலை இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். நிறம் காட்டும் பகுதியில் அளவு மாறக் கூடாது. அளவு காட்டும் பகுதியில் நிறம் மாறக் கூடாது.

இதை விட்டுவிட்டு, மெரூன் டாப்ஸில் எக்ஸ்எல், அடுத்து பச்சையில் எம், அதற்கடுத்து மஞ்சளில் டபுள் எக்ஸ்எல் என்று கலந்து காட்டும் ரீல்கள்தாம் அதிகம். எல்லாம் இருக்கிறது என்று சொல்வதாகக் கடைக்காரர் நினைக்கிறார். பார்ப்பவரோ பச்சை எம் அளவில் மட்டுமே வருகிறது என்று புரிந்துகொள்கிறார். உங்கள் பழைய ரீல்களின் கீழே "பச்சையில் எக்ஸ்எல் இல்லையா?" என்பது போன்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருந்தால் நடந்தது இதுதான். விலை கேட்டு வரும் கேள்வி வேறு, இது வேறு. இது ரீல் குழப்பிவிட்டது என்பதற்கான நேரடி அடையாளம்.

டிசைனும் மாறுகிறது என்றால் அதற்குத் தனி ரீல் போடுங்கள். நிறம், அளவு, டிசைன் மூன்றையும் ஒரே ரீலில் தெளிவாகக் காட்டியவரை நான் பார்த்ததில்லை.

30 வினாடிதான் வைக்கலாம் என்று நினைக்கிறோம். எதை எங்கே வைப்பது?

உங்கள் டாப்ஸை வைத்தே கணக்குப் போடுவோம்.

முதல் 3 வினாடி: ஒருவர் அந்த டாப்ஸை அணிந்து நிற்கிறார். கழுத்து, கை, நீளம் எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். திரையில் "12 நிறம், எம் முதல் த்ரீ எக்ஸ்எல் வரை" என்ற ஒரே வரி. எத்தனை வரப்போகிறது என்று தொடக்கத்திலேயே தெரிந்தவர், தன் நிறம் வரும்வரை காத்திருப்பார்.

அடுத்த 15 வினாடி நிறங்களுக்கு. ஒரு நிறத்துக்கு ஒன்றேகால் வினாடி. ஒரு வினாடிக்குக் கீழே போனால் நிறம் தெரியும், எண்ணைப் படிக்க முடியாது. இரண்டு வினாடிக்கு மேல் போனால் ஐந்தாம் நிறத்திலேயே விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும்.

அதற்கடுத்த 9 வினாடி அளவுக்கு. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கடைசி 3 வினாடி: 12 நிறமும் எண்ணோடு ஒரே பக்கத்தில், அசையாத படமாக. குறுக்கே 3, நெடுக 4. இந்தப் பக்கத்தைத்தான் வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கும் அனுப்புவார், தங்கைக்கும் அனுப்பி "எது நல்லாயிருக்கிறது?" என்று கேட்பார். என்னைக் கேட்டால் ரீலிலேயே முக்கியமான இடம் இதுதான். இதை வீடியோவிலிருந்து வெட்டி எடுக்காமல் தனியாகப் புகைப்படமாக எடுத்துச் சேருங்கள். கூர்மை நன்றாக இருக்கும்.

எழுத்தை வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ரீலின் அடியில் கடைப் பெயரும் விளக்கமும் வந்து உட்காரும். வலது ஓரத்தில் லைக், பகிர்வு பொத்தான்கள் நிற்கும். கீழே ஐந்தில் ஒரு பங்கையும் வலது ஓரத்தையும் காலியாக விட்டு, நிறத்தின் எண்ணை இடது மேல்பக்கம், உச்சியிலிருந்து சற்று இறக்கி வையுங்கள். 12 நிறத்துக்கும் அது அதே இடத்தில் இருக்க வேண்டும். இடம் மாறினால் ஒன்றேகால் வினாடியில் பாதி, எண் எங்கே என்று தேடுவதிலேயே போய்விடும்.

ஒவ்வொன்றாகப் பொம்மைக்கு மாட்டி எடுக்க நேரம் பிடிக்கிறது. ஹேங்கரில் வரிசையாகத் தொங்கவிட்டு போனை நகர்த்தி எடுத்தால் போதாதா?

கடை நிறைந்திருப்பதைக் காட்ட அது நல்ல காட்சி. நிறம் தேர்ந்தெடுக்க உதவாது. வரிசையில் தொங்கும் துணியின் ஓரம்தான் தெரியும். பக்கத்துத் துணியின் நிறமும் அதன் மேல் பிரதிபலிக்கும். சிவப்புக்குப் பக்கத்தில் தொங்கும் சந்தன நிறம் ரோஜா சாயல் ஏறித் தெரியும்.

பொம்மைக்கே மாட்டுங்கள். போனை ட்ரைபாடில் பொருத்திய பிறகு தொடாதீர்கள். பொம்மையின் காலடியைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் டாப்ஸை எடுத்ததும் போன் திரையில் தோள்பட்டையும் கீழ் மடிப்பும் எங்கே வருகின்றன என்று பார்த்து, அடுத்ததையும் அதே கோட்டுக்கு இழுத்துவிடுங்கள். வெட்டி ஒட்டும்போது டாப்ஸ் அப்படியே நிற்க, நிறம் மட்டும் மாறுவதாகத் தெரியும். அசைவு இல்லாததால் பார்ப்பவரின் கவனம் முழுவதும் நிறத்தின் மேலேயே இருக்கும். அணிந்த பெண் சுழல்வதும் நடப்பதும் தொடக்கக் காட்சியோடு நிற்கட்டும்.

12 டாப்ஸும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பொம்மைக்குப் பெரும்பாலும் எம் அளவு சரியாக உட்காரும். அந்த அளவில் ஒரு நிறம் கைவசம் இல்லையென்றால் எல் எடுத்து முதுகுப் பக்கம் கிளிப் போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எடுப்பதற்கு முன்பே இஸ்திரி போட்டு வைத்துவிடுங்கள். ஒன்று மட்டும் கசங்கியிருந்தால் அது பழைய சரக்கு போலத் தெரியும்.

வீடியோவில் அரக்கும் மெரூனும் ஒன்றாகவே தெரிகின்றன. கத்தரிப்பூ நிறம் நீலமாகிவிடுகிறது. போன் சரியில்லையா?

போன் மேல் பெரிய குற்றம் இல்லை. அது தன் போக்கில் திருத்துவதுதான் சிக்கல். காட்சி முழுவதையும் ஒரு நிறம் நிறைக்கும்போது, வெளிச்சமே அந்த நிறம் என்று கேமரா எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திருத்தும். மஞ்சள் டாப்ஸ் வந்தால் படம் சற்று நீலத்தை நோக்கிப் போகும். அடுத்து நீலம் வந்தால் மஞ்சளை நோக்கித் திரும்பும். வெளிச்ச அளவும் அப்படியே. வெள்ளை டாப்ஸைச் சாம்பலாக அடக்கும், கறுப்பைச் சாம்பலாக வெளுக்கும். 12 நிறத்துக்கு 12 விதமான திருத்தம் நடந்தால் அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள சின்ன வேறுபாடு எப்படித் தாக்குப்பிடிக்கும்?

அதனால் தானியங்கித் திருத்தத்தை நிறுத்த வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் ப்ரோ வீடியோ என்ற பிரிவு இருக்கும். அதில் நிறத் திருத்தத்தை முடிவு செய்யும் வெள்ளைச் சமநிலையை 5000 முதல் 5500 கெல்வினுக்குள் ஓர் எண்ணில் நிறுத்துங்கள். வெளிச்ச அளவை முடிவு செய்யும் ஐஎஸ்ஓ, ஷட்டர் இரண்டையும் நடுத்தரமான ஒரு பச்சையையோ நீலத்தையோ பொம்மைக்கு மாட்டி அமைத்துவிட்டு, கடைசி நிறம் வரை மாற்றாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 இருந்தால் கடை விளக்கின் பட்டை பட்டையான மினுக்கம் பெரும்பாலும் வராது. ஐபோனில் எடுப்பவர்கள் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுவது நல்லது. எச்டிஆரில் எடுத்தது வேறு போனில் வெளிறியோ பளிச்சென்றோ மாறிவிடும்.

அடுத்தது வெளிச்சம். மாசி வீதிகளில் பல கடைகளில் வாசலிலிருந்து பகல் வெளிச்சம், கூரையில் வெள்ளை எல்இடி, ஷோகேஸில் மஞ்சள் விளக்கு என்று மூன்றும் ஒன்றாக விழும். டாப்ஸின் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறொரு நிறமுமாக இருப்பது இதனால்தான். ஒரே வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணையுங்கள். காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் நேர்வெயில் விழாத ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே போதும். விளக்குதான் வழி என்றால், வாங்கும்போது நிறக்காட்டுத் திறன், அதாவது சிஆர்ஐ, 90க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது குறைந்த விளக்கில் சிவப்பு வகைகள் மங்கும். அரக்கு, மெரூன், வெங்காய நிறம் எல்லாம் அடிபடுவது அங்கேதான். எதிர்வீட்டுச் சுவர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அதன் சாயலும் உள்ளே வரும். பின்புலமாக வெளிர்சாம்பல் துணி கட்டுங்கள். பின்புலம் பளிச்சென்ற நிறமாக இருந்தால் முன்னால் நிற்கும் நிறத்தைக் கண் தவறாகப் படிக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாததால் நின்ற வெள்ளை அது. வீடியோவில் 12 டாப்ஸிலும் புள்ளி ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் சமநிலை சரி. ஒன்றில் நீலம் பூத்தும் இன்னொன்றில் மஞ்சள் பூத்தும் இருந்தால் கேமரா இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறது. புள்ளிக்குள் சாயம் கசிந்த உருப்படியை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் கத்தரிப்பூ, மயில் கழுத்து, ராணி பிங்க் மூன்றும் சண்டித்தனம் செய்யும். கத்தரிப்பூவைப் பல கேமராக்கள் நீலத்தின் பக்கம் இழுக்கும். மயில் கழுத்து ஒரு போனில் பச்சை, இன்னொன்றில் நீலம். ராணி பிங்க் திரை காட்டக்கூடிய நிறத்தின் எல்லையையே தொட்டுவிடுவதால் மடிப்பெல்லாம் மறைந்து தட்டையாகத் தெரியும். அதற்கு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துத் தனியாக எடுக்கலாம். மற்ற இரண்டையும் அந்த ஒரு காட்சியில் மட்டும் எடிட்டிங்கில் திருத்துங்கள், துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில். முழு ரீலுக்கும் ஒரே ஃபில்டர் போட்டுத் திருத்த நினைத்தால் சரியாக இருந்த ஒன்பது நிறமும் கெடும்.

ஒன்றுபோல் தெரியும் நிறங்களை வரிசையில் தள்ளித் தள்ளி வைப்பது பலரின் வழக்கம். நான் நேரெதிராகச் சொல்வேன். அரக்கையும் மெரூனையும் அடுத்தடுத்து வைத்து, கடைசிப் பக்கத்திலும் அருகருகே வையுங்கள். நான்கு நிறம் தள்ளி வந்தால் "இது ஏற்கெனவே காட்டியதுதானே" என்று தோன்றும். பக்கத்தில் இருந்தால்தான் வேறுபாடு கண்ணில் படும்.

புள்ளிகள் நேரில் அவ்வளவு அழகு. ரீலில் போட்டதும் கலங்கிவிடுகின்றன.

பதிவேற்றும்போது செயலி வீடியோவைச் சுருக்குகிறது. நிறைய நுண்ணிய புள்ளிகள் அசைந்தால் சுருக்கும் கணக்குக்குத் தாங்காது. எல்லாம் சேர்ந்து மங்கிவிடும். ஆகவே புள்ளியைக் காட்டும் இடத்தில் போனும் அசையக் கூடாது, துணியும் அசையக் கூடாது. ஒரு கையகலத் துணி திரை முழுவதும் வரும்படி கிட்டப் போய், ஒரே ஒரு நிறத்தில் ஒன்றரை வினாடி காட்டுங்கள். தொடக்கக் காட்சியின் பின்பாதியை இதற்குக் கொடுக்கலாம். 1080க்கு 1920 அளவில் எடிட் செய்து அதே அளவில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பி, அவர் பதிவேற்றினால் இரண்டு முறை சுருங்கும்.

கைமுடிச்சா, அச்சா என்பதையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறையாக முடிச்சுப் போட்டுவரும் வேலை. அச்சுப் புள்ளிகள் ஒன்றுபோல் வரிசையாக இருக்கும். முடிச்சுப் புள்ளி ஒன்றுக்கொன்று சற்று மாறும், சாயமும் தொட்டிக்குத் தொட்டி ஒரு சாயல் கூடிக் குறையும். இதை முன்பே சொல்லிவிட்டால் "வீடியோவில் பார்த்தது போல் இல்லை" என்று வரும் புகாரில் நியாயம் எது என்று இருவருக்கும் தெரியும்.

நிறத்துக்குப் பெயர் போடுவதா, எண் போடுவதா?

இரண்டும் போடுங்கள், எண் பெரிதாக, பெயர் அதன் கீழே சிறிதாக. ஆர்டர் எடுப்பது எண்ணை வைத்து மட்டும். ஒருவருக்கு ராமர் பச்சை என்பது இன்னொருவருக்குக் கரும்பச்சை. "அந்த ரோஸ் கலர்" என்று கேட்டால் உங்கள் 12இல் மூன்று அதற்குப் பொருந்தும்.

நிறத்துக்கு எண், அளவுக்கு எழுத்து என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அளவையும் 38, 40, 42 என்று எண்ணிலேயே கேட்கவைத்தால் செய்தியில் இரண்டு எண் வந்து நிற்கும், எது எதற்கு என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். "7 எக்ஸ்எல்" என்று வந்தால் சந்தேகமே இல்லை. ரீலின் விளக்கத்திலும் அதே வடிவில் ஓர் எடுத்துக்காட்டு எழுதுங்கள்.

அளவைக் காட்ட ஐந்தையும் வரிசையாகத் தொங்கவிட்டோம். யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

தெரியாது. எல், எக்ஸ்எல் இரண்டுக்கும் மார்புச் சுற்றளவு 2 இஞ்ச் வித்தியாசம் என்றால், தட்டையாகப் பார்க்கும்போது அகலத்தில் 1 இஞ்ச். உங்கள் காட்சி ஒரு மீட்டர் அகலத்தை அடக்குகிறது என்று வையுங்கள். போன் திரையோ 7 சென்டிமீட்டர் அகலம். அந்த 1 இஞ்ச் திரையில் 2 மில்லிமீட்டர்கூட வராது. இதற்காக ஐந்து ஹேங்கர் காட்டுவது வீண்.

கிடைத்த 9 வினாடியை இப்படிச் செலவழியுங்கள். ஒரே நிறத்தில் எம், த்ரீ எக்ஸ்எல் இரண்டை மட்டும் தோள்பட்டை பொருந்த ஒன்றன் மேல் ஒன்றாகத் தரையில் விரித்துக் காட்டுங்கள், 2 வினாடி. இதில் வீச்சு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அடுத்து எக்ஸ்எல் டாப்ஸைத் தட்டையாக விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை இஞ்ச் டேப்பை வையுங்கள். டேப்பில் 21 தெரிய வேண்டும்; திரையில் "21 + 21 = 42" என்று எழுதுங்கள். இதற்கு 4 வினாடி. மீதி 3 வினாடிக்குச் சின்ன அட்டவணை: எம் 38, எல் 40, எக்ஸ்எல் 42, டபுள் எக்ஸ்எல் 44, த்ரீ எக்ஸ்எல் 46. மேலே "டாப்ஸின் மார்புச் சுற்றளவு, இஞ்ச்" என்ற தலைப்பு. நீளம் எல்லா அளவுக்கும் ஒன்றே என்றால் ஒரு வரியில் அதையும் சொல்லிவிடலாம்.

அந்தத் தலைப்பு மிக முக்கியம். 42 என்பது டாப்ஸின் அளவா, உடம்பின் அளவா என்று சொல்லாத அட்டவணையால்தான் பல உருப்படிகள் திரும்பி வருகின்றன. நெய்த பருத்தி இழுபடாது. உடம்பை விட டாப்ஸ் 2 இஞ்சாவது அதிகம் இருந்தால்தான் கை தூக்க வசதியாக இருக்கும். 40 இஞ்ச் மார்பளவு உள்ளவருக்கு 42 சரி. ஆனால் வீட்டில் தன் உடம்பைத் தானே அளப்பது பலருக்குச் சரியாக வராது. "உங்களுக்குப் பொருந்தும் பழைய டாப்ஸை இப்படி விரித்து அளந்து பாருங்கள்" என்று டேப் வைக்கும் காட்சியிலேயே சொல்லிவிட்டால் யாரும் செய்துவிடுவார்கள்.

துணி சுருங்குமா என்பதை நீங்கள் முதலில் சோதித்துவிட வேண்டும். ஒரு டாப்ஸை அளந்து, நனைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். 3 சதவீதம் சுருங்கினால்கூட 42 இஞ்சில் ஒன்றேகால் இஞ்ச் போய்விடும். அப்படிப் போனால் நனைத்த பின் வரும் அளவையே அட்டவணையில் போடுங்கள்.

டபுள் எக்ஸ்எல்லுக்கும் த்ரீ எக்ஸ்எல்லுக்கும் 50 ரூபாய் கூடுதல். எங்கே சொல்வது?

அளவு அட்டவணையில், அந்த இரண்டு வரிக்கு நேராக. தொடக்கத்தில் விலை போடுவதானால் "எக்ஸ்எல் வரை" என்று சேர்த்தே போடுங்கள்.

தீபாவளி நேரத்தில் மதியத்துக்குள் இரண்டு நிறம் தீர்ந்துவிடும். ரீலில் இருப்பதைப் பார்த்து ஆள் வந்து திட்டுகிறார்கள்.

மாறும் எதையும் வீடியோவுக்குள் எழுதாதீர்கள். ஏற்றிய ரீலில் விளக்கத்தைத் திருத்தலாம், படத்தைத் திருத்த முடியாது. "எல்லாம் ஸ்டாக் உண்டு" என்று திரையில் எழுதிவிட்டால் அது அடுத்த பொங்கல் வரை அப்படியே நிற்கும். இருப்பு நிலவரத்தை ஒரு கமென்ட்டாக எழுதி மேலே பின் செய்யுங்கள்: "4 தீர்ந்தது. 9இல் எம், எல் மட்டும். இன்று காலை நிலவரம்." மாற வேண்டியபோது பழையதை நீக்கிப் புதிதாக எழுதுங்கள்.

தீர்ந்த நிறத்தின் எண்ணைப் புதிய நிறத்துக்குக் கொடுக்கக் கூடாது. நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு 4 கேட்டு வருபவருக்கு வேறு நிறம் போய்விடும். புதிதாக வருவது 13, அதற்கடுத்தது 14 என்றே போகட்டும்.

இதே முறையில் 40 நிற லெகிங்ஸும் எடுக்கலாமா?

வேண்டாம். 40ஐ ஒன்றேகால் வினாடியால் பெருக்கினால் நிறத்துக்கு மட்டுமே 50 வினாடி போகும். லெகிங்ஸ் வாங்குபவர் பெரும்பாலும் கையில் ஒரு டாப்ஸை வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தம் தேடுகிறவர். அவருக்கு எல்லா நிறமும் வேண்டியதில்லை, பச்சையில் எத்தனை பச்சை என்று தெரிந்தால் போதும். சிவப்பு வகை, பச்சை வகை, நீலம் கத்தரிப்பூ வகை, மஞ்சள் பழுப்பு வகை என்று நான்கு ரீலாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் மடித்த லெகிங்ஸை வெளிரிலிருந்து அடர்த்திக்கு ஏணிப்படியாக அடுக்கி, ஐந்தைந்தாக ஒரே காட்சியில் 3 வினாடி காட்டலாம். எண்ணைச் சிவப்புக்கு 101 முதல், பச்சைக்கு 201 முதல் என்று தொடங்கினால் வகையும் எண்ணிலேயே தெரியும். லெகிங்ஸ் துணி இழுபடுவதால் அளவு பகுதியில் டேப்பை மார்புக்குப் பதில் இடுப்புப் பட்டையில் வையுங்கள், இழுக்காமல் ஒரு முறை, முழுவதும் இழுத்து ஒரு முறை.